இன்டர்ன்ஷிப் கடிதத்தில் ‘வேலை உறுதியில்லை’ என்ற ஒரு வரி போதுமா?

கேள்வி: கோவையில் மோட்டார் கண்ட்ரோல் பேனல் செய்து தரும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். மொத்தம் 16 பேர். இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர் படிக்கும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் ஜனவரி 5 முதல் ஜூன் கடைசி வரை இன்டர்னாக எடுக்கிறோம். மாதம் 10,000 ரூபாய் தரலாம் என்றிருக்கிறோம். முடிந்ததும் வேலை தருவோம் என்று உறுதி சொல்ல முடியாது. போன முறை வந்த பையனின் அப்பா, ‘வேலை போட்டுத் தருவதாகத்தானே சொன்னீர்கள்’ என்று வந்து நின்றுவிட்டார். எங்களுடைய பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் திருத்தி, கடைசியில் ‘வேலை உறுதியில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை இணைத்துள்ளேன். இது போதுமா?

— ஒரு வாசகர், கோவை

பதில்: போதாது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் அந்தக் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாமே, வேலை கொடுத்தாகிவிட்டது என்றுதான் சொல்கின்றன. முதல் வரியிலேயே ‘டிரெய்னி இன்ஜினியராக நியமிக்கிறோம்’ என்று இருக்கிறது. நாலாவது பத்தியில் ஆறு மாதம் புரொபேஷன், அது திருப்தியாக முடிந்தால் பணி நிரந்தரம் என்கிறது. அப்புறம் ஒரு மாத நோட்டீஸ், சம்பளம், இன்சென்டிவ். இவ்வளவையும் படித்த ஒரு அப்பா, பையன் ஒழுங்காக வேலை பார்த்தால் நிரந்தரம் ஆகிவிடும் என்று நினைத்தால் அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. புரொபேஷன் என்றாலே வேலையில் சேர்ந்தவரைச் சோதித்துப் பார்க்கும் காலம். அந்தப் பத்தியும் உங்கள் கடைசி வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. தகராறு என்று வந்தால், குழப்பமாக எழுதப்பட்ட ஒரு விதியை அதை எழுதியவருக்குப் பாதகமாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே எழுதியவர் நீங்கள்.

அதனால் அந்த ஆர்டரைத் திருத்துவதை விட்டுவிடுங்கள். புதிதாக, ஒரு பக்கம் அல்லது ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கால அளவு, உதவித்தொகை, என்ன கற்றுக்கொள்வார்கள், வேலை பற்றி என்ன நிலை என்ற நாலும் தெளிவாக இருந்தால் போதும். இந்த நாலில் உங்களை உண்மையில் காப்பாற்றப் போவது கற்றல் இலக்குகள்தான். பெரும்பாலான சிறு நிறுவனங்கள் ஒரே வரியில் தாண்டிவிடும் பகுதியும் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் நாட்டில் இன்டர்ன்ஷிப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யப்பட்ட பயிற்சியாளரை மட்டும்தான் ‘தொழிலாளி அல்ல’ என்று சட்டமே விலக்கி வைக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்தப் பதிவு பெற்ற அப்ரண்டிஸுக்குத்தான் விலக்கு தருகின்றன. உங்கள் மாணவர்கள் கல்லூரி மூலமாக வருகிறார்கள், அந்தச் சட்டத்தில் பதிவாகவில்லை. ஆகவே, இவர் கற்க வந்தாரா, வேலை பார்க்க வந்தாரா என்ற கேள்வி எழுந்தால், கடிதத்தின் தலைப்பில் இன்டர்ன்ஷிப் என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் விட்டுவிட மாட்டார்கள். பட்டறையில் நடந்தது என்ன என்று பார்ப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி முதலில் இ.எஸ்.ஐ. பக்கமிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம். பி.எஃப். வரம்பு 20 பேர். இந்த இரண்டு பேரையும் சேர்த்தாலும் நீங்கள் 18-தான், அதனால் இப்போதைக்கு அது இல்லை. இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதற்குள் வருவார்கள். மஸ்டர் ரோலில் பெயர் இருந்து, ஷிஃப்ட் போட்டு, சம்பளப் பட்டியலில் 10,000 என்று எழுதியிருந்தால், இவர் எங்கள் ஆள் இல்லை என்று ஆய்வுக்கு வருபவரிடம் சொல்வது கஷ்டம். கல்லூரியின் பரிந்துரைக் கடிதம், தேதிகள் குறித்த உங்கள் கடிதம், வாரவாரியான கற்றல் திட்டம், வழிகாட்டி கையெழுத்திட்ட நாட்குறிப்பு இவை ஒரு ஃபைலில் இருந்தால் பேச இடமுண்டு. சேரும் முன்பே உங்கள் இ.எஸ்.ஐ. வேலைகளைப் பார்ப்பவரிடம் இந்தக் காகிதங்களைக் காட்டி, இருவரையும் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டு, முடிவை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மாணவர் நாளை வரவில்லை என்றால் உங்கள் டெலிவரி நிற்குமா? நிற்கும் என்றால் அவர் ஒரு ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அப்படி இருக்கும்போது கடிதத்தில் என்ன எழுதினாலும் ரொம்ப நாள் நிற்காது.

இப்போது கற்றல் இலக்குகளுக்கு வருவோம். ‘நிறுவனத்தின் பல்வேறு பணிகளில் அனுபவம் பெறுவார்’ என்று எழுதுவது இலக்கு ஆகாது. முடியும்போது அந்த மாணவர் எதைத் தானே செய்வார், அதை யார் சொல்லித் தருவார், எப்போது பார்த்துச் சரி சொல்வார் என்பது இருக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> முதல் ஆறு வாரங்கள்: சிங்கிள் லைன் டயக்ராமையும் கண்ட்ரோல் வயரிங் டயக்ராமையும் படித்தல். எம்.சி.பி., கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, டைமர் ஆகியவை எதற்கு, மோட்டாரின் அளவுக்கு ஏற்ப அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அறிதல்.
>
> அடுத்த எட்டு வாரங்கள்: ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டரையும் 10 ஹெச்.பி. மோட்டாருக்கான ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையும் வரைபடத்தைப் பார்த்துத் தானே வயரிங் செய்தல். லக் கிரிம்ப் செய்தல், ஃபெரூல் போட்டு ஒயர் எண்ணிடுதல் இதில் அடங்கும்.
>
> அடுத்த ஆறு வாரங்கள்: சப்ளை கொடுப்பதற்கு முந்தைய சோதனைகளான கன்டினியூட்டி, மெகர் கொண்டு இன்சுலேஷன் சோதனை ஆகியவற்றைச் செய்து அறிக்கை எழுதுதல்.
>
> கடைசி ஐந்து வாரங்கள்: ஒரு லோடு லிஸ்ட்டிலிருந்து சிறிய பேனல் ஒன்றுக்கு மெட்டீரியல் லிஸ்ட், அமைப்பு வரைபடம், விலைக் கணக்கு தயாரித்து, கல்லூரிக்கான புராஜெக்ட் அறிக்கையாகச் சமர்ப்பித்தல்.
>
> வழிகாட்டி: உற்பத்தி மேற்பார்வையாளர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாணவரின் நாட்குறிப்பைப் பார்த்துக் கையெழுத்திடுவார்.

வழிகாட்டியின் பெயரையும் அந்த இடத்தில் போடுங்கள். பெயர் இல்லாவிட்டால் சொல்லித் தருவது யாருடைய பொறுப்பும் ஆகாது. முதல் மாதம் ஓடிவிடும், அதற்குள் ஒரு அவசர ஆர்டர் வந்துவிடும், இரண்டு பேரும் ஜூன் வரைக்கும் லக் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தத் தொழிலில் இன்டர்ன்ஷிப் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே வரி எழுதியிருந்தால், திட்டம் நின்றுபோய் வெறும் கூலி வேலை ஓடுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இதே பகுதியில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். 415 வோல்ட் சப்ளை கொடுத்த பேனலில் மாணவர் கை வைக்கக் கூடாது, டெஸ்டிங்கின்போது வழிகாட்டி பக்கத்தில் இல்லாமல் நிற்கக் கூடாது. இது காகிதத்துக்காக எழுதுவதில்லை. உங்கள் ஆட்களுக்குப் பழகிய கை இருக்கிறது, வந்திருப்பவர்களுக்கு இல்லை. இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவில்லை என்று முடிவானால், இருவருக்கும் ஆறு மாதத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கல்லூரியின் குழுக் காப்பீடு வெளியிடப் பயிற்சிக்கும் செல்லுமா என்று விசாரித்துப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கஸ்டமரின் வரைபடங்கள் புராஜெக்ட் அறிக்கையில் போவதானால், கஸ்டமர் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் ஒப்புதலோடு போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கால அளவில் ‘ஆறு மாதம்’ என்று விடாமல் தேதிகளைப் போடுங்கள்: ‘இந்தப் பயிற்சி ஜனவரி 5 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று, தனியாக அறிவிப்பு எதுவும் இல்லாமல், தானாக முடிவடையும். நீட்டிப்பதென்றால் இரு தரப்பும் கையெழுத்திட்ட புதிய கடிதத்தின் மூலம் மட்டுமே.’ நோட்டீஸ் பத்தியை எடுத்துவிடுங்கள். அவர் இடையில் விலகினால் ஒரு வாரம் முன்பு எழுதித் தந்தால் போதும் என்று வைக்கலாம். பாண்ட் வேண்டாம், டெபாசிட் வேண்டாம், அசல் சான்றிதழ்களைக் கண்டிப்பாக வாங்கி வைக்கக் கூடாது. கல்லூரி ரிவ்யூவுக்கும் தேர்வுக்கும் போக அனுமதி உண்டு என்பது கடிதத்திலேயே இருக்கட்டும்.

நான் பார்த்தவரை, ‘வேலை தருவதாகச் சொன்னார்கள்’ என்ற சண்டை கடிதத்தில் எழுதியதால் வருவதைவிட, முடிவுத் தேதிக்கு அப்புறம் நடந்ததால் வருவதே அதிகம். ஜூன் 30 முடிகிறது. கையில் ஒரு ஆர்டர் இருக்கிறது. ‘பத்து நாள் வந்துட்டுப் போ தம்பி’ என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். பையன் ஜூலை, ஆகஸ்ட் முழுக்க வருகிறான், அதே பத்தாயிரம் போகிறது, புதுக் கடிதம் கிடையாது. இப்போது அவன் மாணவனும் இல்லை, கல்லூரித் தொடர்பும் இல்லை, கற்றல் திட்டமும் முடிந்துவிட்டது. ஜூலை 1 முதல் அவன் உங்கள் தொழிலாளி என்று ஒருவர் வாதிட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஜூன் 30 மாலை சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆள் வேண்டுமென்றால், முறையான அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடும் அந்த வேலைக்குரிய சம்பளத்தோடும் ஜூலை 1 அன்று வரட்டும்.

உதவித்தொகைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுவது துல்லியமாக இருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய், அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள், மாணவரின் வங்கிக் கணக்கில். ஜனவரி 5-ல் சேர்வதால் அந்த மாதம் 31 நாளில் 27 நாள்தான். 10,000-ஐ 31-ஆல் வகுத்து 27-ஆல் பெருக்கினால் 8,710 ரூபாய் வருகிறது. இந்தத் தொகையைக் கடிதத்திலேயே போட்டுவிட்டால் முதல் மாதமே மனக்கசப்பு வராது. தேர்வு நாட்களுக்குப் பிடித்தம் உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் பிடிக்காதீர்கள். ஓவர்டைம், உற்பத்தி இன்சென்டிவ் இரண்டும் வேண்டாம். எத்தனை பேனல் முடித்தார் என்று பார்த்துப் பணம் கொடுத்தால் அது உதவித்தொகையாக நிற்காது, கூலியாகிவிடும். சான்றிதழ் வாங்கும்போது தருகிறோம் என்று கடைசி மாதத் தொகையை நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒருவருக்கு 60,000-க்குள்தான் வருகிறது. வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு இதில் வரி கட்ட வேண்டி வராது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சம்பளக் கணக்கில் எழுத வேண்டாம்.

வேலை பற்றிய வாசகம் கடைசி வரியில் இருக்கக் கூடாது. தேதிகளுக்கு அடுத்து, இரண்டாவது பத்தியாக, மற்ற எழுத்துகளின் அதே அளவில் வர வேண்டும். இப்படி எழுதலாம்:

> இது கல்விப் பயிற்சி மட்டுமே. பயிற்சி முடிந்தபின் எங்கள் நிறுவனத்தில் வேலை தரப்படும் என்று இந்தக் கடிதம் உறுதி தரவில்லை. எங்கள் ஊழியர் யாருக்கும் வாய்மொழியாக அப்படி உறுதி தர அதிகாரம் இல்லை. ஜூலை முதல் காலியிடம் இருக்குமா என்பதை மே 31-க்குள் எழுத்தில் தெரிவிப்போம். இருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் தனி நியமனக் கடிதம் தரப்படும். பயிற்சிக் காலத்தில் வேறு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளுக்குச் செல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நாட்களுக்கு உதவித்தொகை பிடிக்கப்படாது.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் மே 31 என்ற தேதியையும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். வேலை உறுதியில்லை என்பது உங்களைக் காக்கும் வாசகம், இவை அந்தப் பிள்ளைகளைக் காப்பவை. கடைசி செமஸ்டரில்தான் கேம்பஸ் இன்டர்வியூ, வெளியில் நடக்கும் வாக்-இன் எல்லாம் வரும். ‘இங்கேயே எடுத்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையில் ஒரு பையன் அதையெல்லாம் விட்டுவிட்டு ஜூன் 30 அன்று வெறுங்கையோடு நின்றால், அவனுக்குப் போனது ஒரு வருடம். அந்த அப்பா உங்கள் வாசலுக்கு வந்ததும் இந்த வருத்தத்தில்தான் இருக்கும். மே மாதமே தெரிந்துவிட்டால் வேறு வழி தேட ஒரு மாதம் கிடைக்கும்.

வாய்மொழி பற்றிய வரியைக் கடிதத்தில் எழுதினால் மட்டும் ஆகாது. மேற்பார்வையாளரையும் மூத்த ஒயர்மேன்களையும் ஒருநாள் உட்கார வைத்து, ‘நீ எங்கயும் போகாதே, முதலாளிகிட்ட நான் பேசுறேன்’ மாதிரிப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் கேட்கும் பிள்ளை அதை வாக்குறுதியாகத்தான் வீட்டில் போய்ச் சொல்லும். நீங்களுமே ‘நல்லா செஞ்சா பார்த்துக்கலாம்’ என்று சொல்வதைத் தவிருங்கள்.

இந்த இருவரும் நன்றாக வந்து, உடனே வேலை தர உங்களுக்கு வசதி இல்லை, இன்னும் ஒரு வருடம் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், இன்டர்ன்ஷிப்பை நீட்டாதீர்கள். பட்டம் வாங்கிய பிறகு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான என்.ஏ.டி.எஸ். போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவு செய்து எடுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு அது கட்டாயம், உங்கள் அளவுக்கு விருப்பம்தான். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்கும், முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியாக வேண்டும். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருபவரையும் பணியாளராகவே கணக்கில் கொள்கிறது. 10 பேருக்கு மேல் இருப்பதால் உங்கள் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஜனவரி 5-க்கு முன்பே அமைத்து, அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகப் போடுங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தால், வேலை பற்றிய பத்தியையும் உதவித்தொகைப் பத்தியையும் தமிழிலும் கீழே கொடுங்கள், வீட்டில் பெரியவர்கள் படிக்க வேண்டும். மூன்று பிரதி எடுத்து, நீங்களும் மாணவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒன்று மாணவருக்கு, ஒன்று கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலருக்கு, ஒன்று உங்கள் ஃபைலுக்கு. சேரும் நாளன்று நீட்டி உடனே கையெழுத்து வாங்காமல், டிசம்பர் கடைசி வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். படித்துப் பார்த்து ஒருவர் வராமல் போனாலும் பரவாயில்லை, இன்னொருவரைத் தேட உங்களுக்கு நாள் இருக்கும்.